வீட்டிலிருந்து நேரலை: பதிவேற்ற வேகத்தை அளந்து, இணைப்பு தாங்கும் பிட்ரேட்டைத் தீர்மானிக்கும் முறை

முதன்முறை நேரலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் 1080p என்ற தெளிவை முதலில் முடிவு செய்கிறார்கள். அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட பிட்ரேட்டை, அதாவது நேரலை விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவை, மென்பொருளில் இட்டு, நிகழ்ச்சிக்குச் சற்று முன் ஒரு வேகச் சோதனை நடத்தி, எண் பெரிதாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடைகிறார்கள். பிறகு நிகழ்ச்சியின் நடுவில் படம் உறைகிறது. செய்ய வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது: முதலில் இணைப்பை அளக்க வேண்டும், அந்த அளவிலிருந்து பிட்ரேட்டைப் பெற வேண்டும், பிட்ரேட் முடிவான பிறகே தெளிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி விண்டோஸ் கணினி, நேரலையை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோ, யூடியூப் ஆகிய மூன்றையும் கொண்டு எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாக, பாளையங்கோட்டையில் ஒரு வீணை ஆசிரியையின் வீட்டை எடுத்துக்கொள்வோம். நவராத்திரி மாலையில் 6.30 முதல் 8.30 வரை மாணவிகளின் கச்சேரியை நேரலையில் தர வேண்டும். வீட்டில் இரு திசையிலும் 50 மெகாபிட் என்று விற்கப்பட்ட ஃபைபர் இணைப்பு இருக்கிறது.

## 1. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

யூடியூப் சேனலில் நேரலை வசதியை முதன்முறை இயக்கும்போது அது செயலுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். தொலைபேசி எண்ணைச் சரிபார்த்து இந்த வசதியை இயக்கும் வேலையை எல்லாவற்றுக்கும் முன் முடித்துவிட வேண்டும், ஏனெனில் கீழே வரும் சோதனைகளில் முக்கியமானது உண்மையான யூடியூப் நேரலை இல்லாமல் நடக்காது.

கணினியிலிருந்து ரவுட்டர் வரை எட்டும் லேன் கேபிள் ஒன்று வேண்டும். கேட்-5ஈ வகை போதும். மடிக்கணினியில் லேன் துளை இல்லையென்றால், யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் திட்டத்தில் மாத டேட்டா வரம்பு உண்டா, வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். 3 மெகாபிட் நேரலை ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி எடுக்கும். கச்சேரி அளவில் அது பெரிதல்ல என்றாலும், மாதக் கடைசியில் வீட்டார் வரம்பை ஏற்கெனவே தீர்த்திருந்தால் நேரலை தொடங்கும் முன்னரே தோற்றுவிடும்.

## 2. வீட்டுக்குள் இருக்கும் தடைகளை முதலில் நீக்குதல்

கேபிளைச் செருகிய பிறகு கணினியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். வைஃபையிலும் வேகச் சோதனை நல்ல எண்ணையே காட்டும் என்பதால் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். சோதனை சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. பக்கத்து வீட்டு ரவுட்டரோ சமையலறை மைக்ரோவேவ் அடுப்போ குறுக்கிடும்போது ஏற்படும் அரை விநாடி இடைவெளிகள் அந்தச் சராசரியில் மறைந்துவிடும். நேரலையைக் கெடுப்பவை அந்த இடைவெளிகள்தான்.

அடுத்து, வீட்டில் வேறு எது பதிவேற்றுகிறது என்று தேட வேண்டும். படம் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதும் பதிவிறக்கம்; அவற்றால் தொல்லை குறைவு. கைப்பேசிகள் புகைப்படங்களைக் கூகுள் போட்டோஸுக்கு அனுப்புவது, கணினியின் ஒன்டிரைவ் கோப்புகளை ஒத்திசைப்பது, விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இணையத்தில் உள்ள பிற கணினிகளோடு பகிர்ந்துகொள்வது ஆகியவை பதிவேற்ற வழியை அடைக்கும். பலர் மறப்பது வாசல் சிசிடிவி கேமராவை. வெளியூரில் இருக்கும் மகன் கைப்பேசியில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் உங்கள் வீட்டிலிருந்து போகும் ஒரு நேரலையே.

இவற்றை நிறுத்திவிட்டு அளந்தால்தான் இணைப்பின் உண்மை நிலை தெரியும். அளக்கும்போது நிறுத்தியவற்றை நிகழ்ச்சியின் போதும் நிறுத்த வேண்டும் என்பதால், ஒரு தாளில் பட்டியலாக எழுதி ரவுட்டர் அருகே ஒட்டிவிடுவது நல்லது.

## 3. இரண்டு பிங் சன்னல்கள்

வேகத்தை அளக்கும் முன் இணைப்பு இடைவிடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து `ipconfig` என்று இட்டு, `Default Gateway` என்பதற்கு எதிரே உள்ள முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ரவுட்டர். பிறகு இரண்டு சன்னல்களில் இந்த இரண்டு கட்டளைகளையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். முதல் வரியில் உங்கள் ரவுட்டரின் முகவரியை இட வேண்டும்; இரண்டாம் வரியில் இருப்பது இணையத்தில் உள்ள கூகுள் சேவையகத்தின் முகவரி. பிங் என்பது ஒரு சிறு செய்தி அங்கே போய்ப் பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

இரண்டு சன்னல்கள் எதற்கு என்றால், கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதை ஒரே சன்னலால் சொல்ல முடியாது. ரவுட்டருக்குப் போகும் பிங் கேபிள் இணைப்பில் 1 மில்லிவிநாடி அளவிலேயே நிற்க வேண்டும். அது தாவினால் கேபிளிலோ ரவுட்டரிலோ குறை இருக்கிறது. ரவுட்டர் பிங் அசையாமல் இருக்க வெளிப் பிங் மட்டும் தாவினால் குறை இணைப்பில் இருக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் தாவினால் முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். நிறுவனத்துக்குப் புகார் எழுதும் முன் இந்தச் சான்று கையில் இருப்பது பயன்படும்.

அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு `Ctrl+C` அழுத்தினால் தொகுப்பு வரும். அதில் சராசரி எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். `Request timed out` என்ற வரி அங்கங்கே ஒன்றாக வந்ததா, மூன்று நான்கு சேர்ந்தாற்போல் வந்ததா என்று மேலே உருட்டிப் பாருங்கள். தனித்தனியாக ஒன்றிரண்டு வந்தால் சமாளிக்கலாம். சேர்ந்தாற்போல் வந்தால் அந்தச் சில விநாடிகளில் இணைப்பே இல்லை என்று பொருள். பிட்ரேட்டைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. இணைப்பைப் பழுது பார்க்க வேண்டும், அல்லது வேறு இணைப்பு தேட வேண்டும்.

## 4. நேரலை நடக்கும் அதே நேரத்தில் வேகத்தை அளத்தல்

ஃபைபர் இணைப்பிலும் ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நிறுவனத்தின் வெளிவழியும் பகிரப்படுகிறது. ஆகவே காலை 10 மணிக்கு எடுத்த அளவு மாலை 7 மணிக்குப் பயன்படாது. நிகழ்ச்சி எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் நடக்கிறதோ அதே நேரத்தில் அளக்க வேண்டும்.

வேகச் சோதனைத் தளங்கள் இயல்பாகவே இருப்பதில் மிகச் சிறந்த எண்ணைக் காட்டும்படி அமைந்தவை. மிக அருகிலுள்ள சேவையகத்தைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலும் அது உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அனுப்பவும் செய்கின்றன. யூடியூபுக்குப் போகும் நேரலையோ ஆர்டிஎம்பி முறையில் ஒற்றை இணைப்பாகப் போகிறது. ஆகவே ஸ்பீடுடெஸ்ட் தளத்தில் `Connections` என்ற இடத்தில் `Single` என்பதைத் தேர்ந்தெடுத்து, சென்னையிலோ மும்பையிலோ உள்ள வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தைக் கொண்டு அளக்க வேண்டும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என, நிகழ்ச்சிக்குரிய இரண்டு மணி நேரம் முழுவதும் பதிவேற்ற எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இதை இரண்டு மாலைகளில் செய்வது நல்லது. நம் எடுத்துக்காட்டு வீட்டில் காலையில் 46 மெகாபிட் கிடைத்தது. மாலையில் 22, 14, 17, 9, 11, 6.5, 8, 13 என்று எண்கள் ஏறி இறங்கின. இவற்றின் சராசரி 12-ஐத் தாண்டும். அதை வைத்துக் கணக்கிட ஆசை வரும். கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது 6.5 மட்டுமே.

அலகில் ஒரு எச்சரிக்கை. இணைப்பின் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. கோப்புகளை நகலெடுக்கும் மென்பொருள்கள் மெகாபைட்டில் காட்டுகின்றன. இரண்டுக்கும் எட்டு மடங்கு வேறுபாடு உண்டு. ஓபிஎஸ்-இல் பிட்ரேட் கிலோபிட்டில் இடப்படுகிறது. 3 மெகாபிட் என்பதை அங்கே 3000 என்று எழுத வேண்டும்.

## 5. மிகக் குறைந்த அளவில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுதல்

6.5 கிடைக்கும்போது ஏன் 6 வைக்கக் கூடாது என்ற கேள்வி எப்போதும் வருகிறது. விடை, சிறு தடங்கலுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

இணைப்பு அரை விநாடி நின்றுபோனது என்று வைத்துக்கொள்வோம். நேரலை 6 மெகாபிட்டில் போய்க்கொண்டிருந்தால், அந்த அரை விநாடியில் 3 மெகாபிட் தேங்கிவிடும். இணைப்பு மீண்டதும் புதிதாக வரும் படத்துக்கே விநாடிக்கு 6 மெகாபிட் வேண்டும். தேக்கத்தை வடிக்க மீதமிருப்பது 0.5 மட்டும். வடிய 6 விநாடிகள் ஆகும். அதற்குள் இன்னொரு சிறு தடங்கல் வந்தால் தேக்கம் மேலும் ஏறும். ஓபிஎஸ் ஒரு விநாடிக்கும் குறைவான தேக்கத்தையே பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் காணொளியின் தனித்தனிப் படங்களான ஃபிரேம்களைக் கைவிடத் தொடங்கிவிடும்.

அதே இணைப்பில் நேரலை 3 மெகாபிட்டில் போனால், அரை விநாடியில் தேங்குவது 1.5. வடிக்க மீதமிருப்பது 3.5. அரை விநாடிக்குள் எல்லாம் சரியாகிவிடும், பார்வையாளருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பாதி என்பது வெறும் பயத்தினால் வைக்கும் அளவு அன்று. தடங்கல் எவ்வளவு நேரம் நீடித்ததோ ஏறக்குறைய அதே நேரத்துக்குள் மீண்டு எழுவதற்குத் தேவையான இடம் அது.

இந்த எண்ணில் ஒலியும் அடங்கும். வீணைக்கு 160 கிலோபிட் ஒதுக்கினால் படத்துக்கு ஏறத்தாழ 3000 நிற்கிறது. ஒலியைக் குறைத்துப் படத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து: கச்சேரியில் படம் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், தந்தி ஓசை கரகரத்தால் எழுந்து போய்விடுவார்கள்.

## 6. உண்மையான நேரலையில் படிப்படியாக ஏற்றிப் பார்த்தல்

இதுவரை கிடைத்தது மதிப்பீடுதான். அதை உறுதிசெய்ய, யூடியூபில் `Unlisted` அல்லது `Private` என்று அமைத்த ஒரு நேரலையை நிகழ்ச்சி நேரத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். இதன் சிறப்பு, நிகழ்ச்சியின் போது தரவு எந்த வழியில் போகுமோ ஏறத்தாழ அதே வழியில் சோதனையும் போகிறது என்பது. வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

ஓபிஎஸ்-இல் `Settings` → `Output` பகுதிக்குச் சென்று, `Output Mode` என்பதை `Advanced` ஆக்கி, `Rate Control` இடத்தில் `CBR`, `Keyframe Interval` இடத்தில் 2 விநாடி என்று வையுங்கள். சீரான பிட்ரேட் இருந்தால்தான் நீங்கள் அளந்த எண்ணுக்குப் பொருள் உண்டு; மாறும் பிட்ரேட்டில் மாணவிகள் எழுந்து நடமாடும் கணத்தில் அளவு திடீரென்று எகிறும். கீஃபிரேம் என்பது முழுப் படத்தையும் சுமந்துவரும் ஃபிரேம். இடையில் ஃபிரேம்கள் கைவிடப்பட்டால் அடுத்த கீஃபிரேம் வரும்வரை படம் ஒழுங்காகாது. ஆகவே அந்த இடைவெளி 2 விநாடி என்றால் உறைதலும் சிறிதாக முடியும். எட்டு விநாடி என்றால் பார்வையாளர் போய்விடுவார்.

`View` → `Stats` சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் 3000-இல் இருபது நிமிடம், பிறகு நிறுத்தி 4500-இல் இருபது நிமிடம், பிறகு 6000-இல் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். எடுத்துக்காட்டு வீட்டில் 3000-இல் ஒரு ஃபிரேமும் விழவில்லை. 4500-இல் 0.3 விழுக்காடு விழுந்தது. 6000-இல் 4 விழுக்காடு.

0.3 விழுக்காடு என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் இருபது நிமிட நேரலையில், விநாடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில், 36,000 ஃபிரேம்கள் போகின்றன. அதில் 0.3 விழுக்காடு என்றால் 108 ஃபிரேம்கள். அவை ஒரே கொத்தாக விழுந்தால் மூன்றரை விநாடி படம் இல்லை. அதனால் விழுக்காட்டை மட்டும் பாராமல், எண் சிறுகச் சிறுக ஏறுகிறதா, திடீரென்று நூறு ஏறி நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிறுகச் சிறுக ஏறினால் பிட்ரேட் அதிகம். கொத்தாக ஏறி நின்றால் இணைப்பில் வெட்டு. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

இந்தச் சன்னலில் மூன்று வரிகள் ஒன்றுபோலத் தோன்றிப் பலரைத் திசைதிருப்புகின்றன. `Dropped Frames (Network)` மட்டுமே இணைப்பைப் பற்றியது. `Skipped frames due to encoding lag` ஏறினால், கணினியின் செயலி படத்தைச் சுருக்கும் வேலையில் பின்தங்குகிறது. `Frames missed due to rendering lag` ஏறினால் வரைகலைச் சில்லுக்குச் சுமை கூடிவிட்டது. பார்வையாளருக்கு மூன்றும் ஒரே மாதிரித் திக்கலாகத்தான் தெரியும். பின்னிரண்டு வரிகள் ஏறும்போது பிட்ரேட்டைக் குறைத்துக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் மங்கியதுதான் மிச்சம். அங்கே குறைக்க வேண்டியது தெளிவையோ, திறந்து கிடக்கும் பிற மென்பொருள்களையோதான்.

## 7. பிட்ரேட்டுக்கு ஏற்ற தெளிவு

3000 முடிவாகிவிட்டது. இப்போதுதான் தெளிவைப் பற்றிப் பேச வேண்டும். 720p-இல் 30 ஃபிரேம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 2.8 கோடிப் படப்புள்ளிகள்; 1080p-இல் 6.2 கோடி. அதே 3 மெகாபிட்டை இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது பாதிக்கும் குறைவு. விளைவாக, விரல்கள் தந்தியில் ஓடும் இடத்தில் படம் கட்டங்கட்டமாக உடையும். 3 மெகாபிட்டில் 720p-தான் 1080p-ஐ விடத் தெளிவாகத் தோன்றும். நம்பாதவர்கள் இரண்டையும் பதிந்து பார்க்கலாம்.

`Settings` → `Video` பகுதியில் `Output (Scaled) Resolution` என்பதை 1280x720 என்றும், ஃபிரேம் வேகத்தை 30 என்றும் வையுங்கள். யூடியூப் இந்த அளவுக்கு 4 மெகாபிட்டைப் பரிந்துரைக்கிறது. பிட்ரேட் குறைவு என்ற அறிவிப்பு கட்டுப்பாட்டுப் பக்கத்தில் வரக்கூடும். உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரியில் அசைவு குறைவு என்பதால் 3000 போதும், அறிவிப்பைக் கண்டு எண்ணை ஏற்ற வேண்டாம். பரதநாட்டியம் என்றால் நிலை வேறு: முழு உடலும் நகர்கிறது, பட்டுப் புடவையின் சரிகை மின்னுகிறது, 3000-இல் 720p தடுமாறும். அப்போது தெளிவை 480p-க்கு இறக்குவதோ, பின்னணியில் தொங்கும் பூவேலைத் திரைச்சீலையை எடுத்துவிட்டு வெறும் ஒற்றை நிறத் துணியைக் கட்டுவதோ உதவும். பின்னணி எளிமையானால் மிச்சமாகும் பிட்டுகள் ஆடுபவருக்குப் போய்ச் சேரும்.

வெளிச்சமும் இதில் சேரும். இருட்டில் கேமரா எழுப்பும் புள்ளி இரைச்சலை ஓபிஎஸ் அசைவு என்று எண்ணி அதற்கும் பிட்டுகளைச் செலவழிக்கும்.

## 8. நிகழ்ச்சி நாளுக்கான அமைப்பு

ஓபிஎஸ்-இன் `Profile` பட்டியலில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வையுங்கள்: ஒன்று 3000, மற்றொன்று 1500. நேரலை ஓடும்போது இந்த அமைப்பை மாற்ற முடியாது. நிறுத்தி, மாற்றி, மீண்டும் தொடங்க வேண்டும். அப்படி நிறுத்தும்போது யூடியூப் நிகழ்ச்சியே முடிந்துவிட்டதாகக் கருதாமலிருக்க, கட்டுப்பாட்டுப் பக்கத்தில் `Enable Auto-stop` என்பதை முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும். அணைத்திருந்தால், அதே இணைப்பு முகவரியில் காத்திருப்பவர்களுக்குச் சில விநாடிகளில் படம் திரும்ப வரும். இந்த ஒரு பொத்தானை மறந்து, புது முகவரியை எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் மறுபடி அனுப்பும் சிரமம் அடிக்கடி நடக்கிறது.

தாமத அமைப்பில் `Normal latency` என்பதையே வையுங்கள். பார்வையாளரின் திரையில் அதிகச் சேமிப்பு இருப்பதால் சிறு தடங்கல்கள் அங்கே தெரியாமல் போகும். கச்சேரியில் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

ஓபிஎஸ்-இல் `Settings` → `Advanced` → `Network` பகுதியில் `Dynamically change bitrate to manage congestion` என்ற வசதி இருக்கிறது. இணைப்பு நெரியும்போது ஃபிரேமைக் கைவிடுவதற்குப் பதில் பிட்ரேட்டைத் தானே இறக்கும். இதை இயக்கி வைக்கலாம், ஆனால் சோதனையின் போது அணைத்திருக்க வேண்டும். இயக்கியபடி சோதித்தால் ஃபிரேம் விழாது, 6000 தாங்குகிறது என்று தவறாக நம்பிவிடுவீர்கள்.

மின்தடை இருக்கும் ஊர் என்றால், கணினிக்கு மட்டுமன்றி ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் யூபிஎஸ் வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் கணநேர இடைவெளியிலேயே ஃபைபர் பெட்டி அணைந்து, மறுபடி கிளம்பி இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளலாம். மாற்று ஏற்பாடாகக் கைப்பேசியை யூஎஸ்பி வழியே இணைத்து வைப்பதென்றால், அந்த இணைப்பையும் இதே வரிசையில், கச்சேரி நடக்கும் அதே அறையில் அளந்திருக்க வேண்டும். 1500 அமைப்பு பெரும்பாலும் அதற்குத்தான் பயன்படும். நேரலையுடன் கணினியிலும் ஒரு பதிவை ஓடவிட்டால் இணைப்புக்கு எந்தச் சுமையும் கூடாது, செயலிக்கு மட்டும் சற்றுக் கூடும்.

நிகழ்ச்சி முடிந்ததும் `Help` → `Log Files` வழியே அன்றைய பதிவேட்டைத் திறந்து, கடைசிப் பகுதியில் `dropped frames due to insufficient bandwidth/connection stalls` என்று தொடரும் வரி உள்ளதா என்று பாருங்கள். அதில் உள்ள எண்ணையும் தேதியையும் சோதனைத் தாளிலேயே குறித்து வையுங்கள். அடுத்த நிகழ்ச்சி வேறு நேரத்தில் நடந்தாலோ, இடையில் ரவுட்டரோ திட்டமோ மாறியிருந்தாலோ, பழைய 3000 செல்லாது. நான்காம் படியிலிருந்து மறுபடி அளக்க வேண்டும்.